மாசச் சம்பளம் ஜாஸ்தி, மணிக்கணக்குல பார்த்தா பாதி

வீட்டு வேலை செய்றவங்களோட சம்பள சர்வே டேட்டாவை அலசுறதுதான் ஒரு ப்ராஜெக்ட்ல எனக்கு கொடுத்த வேலை. இன்டர்செக்ஷனாலிட்டி கோணத்துல, அதாவது பெண், வெளிநாட்டுக்காரங்கன்னு பல அடையாளம் ஒரே ஆள் மேல சேரும்போது என்ன ஆகுதுன்னு பாருங்கன்னு சொல்லிட்டாங்க, ஆனா எக்செல் ஷீட்ல அதை எப்படி பார்க்கிறதுன்னு யாரும் சொல்லல.

டீம்ல முதல்ல வந்த டேபிள் ரொம்ப சாதாரணமானது. ஆண் பெண்ணுக்கு ஒரு வரிசை, உள்ளூர்க்காரங்க வெளிநாட்டுல இருந்து வந்தவங்கன்னு இன்னொரு வரிசை, அவ்வளவுதான். நிஜ எண்களை போட முடியாது, அதனால விகிதத்தை மட்டும் வச்சு சுருக்கி சொல்றேன். தினம் வந்துட்டு போற உள்ளூர்ப் பெண்ணுக்கு மாசம் 100னு வச்சுக்கோங்க, வீட்டோட தங்கி வேலை பார்க்கிற வெளிநாட்டுப் பெண்ணுக்கு 120. ஆக மைக்ரன்ட்ஸ் நல்லாத்தான் வாங்குறாங்கன்னு ஒரு வரி எழுதியாச்சு.

எனக்கு அந்த 120 இடிச்சுது, ஏன்னா பக்கத்துல மணி நேரத்துக்குன்னு ஒரு நெடுவரிசையே இல்ல. ஒரு நாளைக்கு எத்தனை மணி நேரம் வேலைன்னு நேரடியா கேட்டா வீட்டோட தங்கினவங்க பாதிப் பேர் எட்டுன்னுதான் சொல்வாங்க, குழந்தை பக்கத்துல படுத்திருக்கிறது, ராத்திரி பெரியவரு கூப்பிட்டா எழுந்திருக்கிறது, கெஸ்ட் போற வரைக்கும் கிச்சன்ல நிக்கிறது இதையெல்லாம் அவங்களே வேலைன்னு எண்ண மாட்டாங்க. அதனால கேள்வியை மாத்தினோம்: "நேத்து எழுந்ததுல இருந்து படுக்குற வரைக்கும் என்னென்ன பண்ணீங்க, எப்ப வெளிய போகணும்னா போயிருக்க முடியும்?" அப்ப வந்த பதில்: காலைல 6ல இருந்து ராத்திரி 10 வரை, நடுவுல ரெண்டு மணி நேரம் ஓய்வு, ஆக 14 மணி நேரம், மாசம் 26 நாள்னா 364 மணி நேரம். சர்வதேச தொழிலாளர் அமைப்பான ஐஎல்ஓவோட 2011ஆம் வருஷ 189ஆவது உடன்படிக்கைலயும் இப்படி கூப்பிட்டா வரணும்னு காத்திருக்கிற நேரத்தை, அந்தந்த நாட்டு சட்டம் சொல்ற அளவுக்கு, வேலை நேரமா எடுத்துக்கணும்னு இருக்கு.

இப்ப வகுத்துப் பாருங்க. உள்ளூர்ப் பெண்ணுக்கு 160 மணி நேரத்துக்கு 100, அதாவது மணிக்கு 0.63. தங்கியிருக்கிற வெளிநாட்டுப் பெண்ணுக்கு 0.33, கிட்டத்தட்ட பாதி.

சரி, இது பெண்ங்கிறதாலயா, வெளிநாட்டுக்காரங்கிறதாலயா, தங்குறதாலயா? வெளிநாட்டுல இருந்து வந்து அதே வீட்டு வளாகத்துல தங்குற ஆண் டிரைவருக்கு 208 மணி நேரத்துக்கு 130, அவருக்கும் 0.63 வருது. தனியா ரூம் எடுத்து தங்கின வெளிநாட்டுப் பெண்ணுக்கு 0.56, கொஞ்சம்தான் குறைவு. தனித்தனியா பார்த்தா எதுவுமே பெரிய அடி இல்ல, மூணும் ஒரே ஆள் மேல விழும்போதுதான் சம்பளம் சரியுது. இது கூட்டல் கணக்கு இல்லங்கிறதுதான் விஷயமே. விசா முதலாளி பேர்ல இருக்கு, அதனால வேலையை விட்டா நாட்டை விட்டும் போகணும். படுக்கிற இடமும் முதலாளி வீடு, அதனால சண்டை போட்டா அன்னிக்கு ராத்திரி தங்க இடம் இல்ல. பெண்ங்கிறதால குழந்தையையும் பெரியவரையும் பார்த்துக்கிறது பாசத்துல பண்றதுன்னு ஆயிடுது. டிரைவருக்கு முதல் ரெண்டும் இருக்கு, ஆனா காரை நிறுத்தினதும் அவரோட வேலை முடிஞ்சிடுது.

அமெரிக்க சட்டப் பேராசிரியர் கிம்பர்லே கிரென்ஷா 1989ல இன்டர்செக்ஷனாலிட்டிங்கிற வார்த்தையை கொண்டு வந்த கட்டுரைல எடுத்துப் பேசின கேஸும் இதே வடிவம்தான். ஜெனரல் மோட்டார்ஸ் மேல அஞ்சு கறுப்பினப் பெண்கள் போட்ட வழக்கு, 1976ல தீர்ப்பு. கம்பெனி பெண்களை வேலைக்கு எடுத்திருக்கே (அவங்க வெள்ளைக்காரப் பெண்கள்), அதனால பெண்ங்கிற பாகுபாடு இல்ல, இனப் பாகுபாடுன்னா அதுக்கு வேற கேஸ் இருக்கு அதுல சேர்ந்துக்கோங்கன்னு கோர்ட் சொல்லிடுச்சு. ரெண்டையும் சேர்த்து கேட்க வழியில்ல. எங்க முதல் டேபிளும் அதைத்தான் பண்ணுச்சு.

தொல்லை என்னன்னா, இப்படி வெட்ட வெட்ட ஒவ்வொரு கட்டத்துலயும் ஆள் குறைஞ்சுகிட்டே போகும். வயசையும் சேர்த்தா சில கட்டத்துல நாலஞ்சு பேர்தான் மிஞ்சினாங்க, அதுல சராசரி போடுறது சும்மா ஊகம், ஒருத்தர் சம்பளம் மாறினா எல்லாமே மாறிடும். அங்க எண்ணை எடுத்துட்டு பேட்டியை வச்சோம். இன்னொன்னு, வீட்டை விட்டு வெளியவே வர முடியாதவங்க சர்வேல சிக்கவே மாட்டாங்க, ஆக 0.33ங்கிறதே நாங்க போய் பேச முடிஞ்சவங்களோட கணக்கு.

ரிப்போர்ட்ல கடைசில மாறினது பரிந்துரைதான். குறைந்தபட்ச மாசச் சம்பளத்தை ஏத்துங்கன்னு இருந்ததை எடுத்தோம், ஏன்னா அந்த அம்மா ஏற்கனவே 120 வாங்குறாங்க, வரம்பை 110 ஆக்கினா அவங்களுக்கு ஒரு காசு கூட ஏறாது. அதுக்கு பதிலா மணிக்கு இவ்வளவுன்னு சம்பளம், காத்திருக்கிற நேரத்துக்கும் கணக்கு, விசா போகாம முதலாளியை மாத்துற உரிமைன்னு எழுதினோம். இதுல கடைசி ஒன்னுக்குத்தான் மீட்டிங்ல எதிர்ப்பு அதிகமா வந்துச்சு, அது தொழிலாளர் துறை கைல இல்ல, குடியேற்றத் துறை கைலன்னு.