ரீஆர்டர் லெவல்: பரீட்சைக் கணக்கும் கடைக் கணக்கும்

சரக்கு எந்த அளவுக்குக் குறைந்ததும் அடுத்த ஆர்டர் சொல்ல வேண்டும் என்பதுதான் ரீஆர்டர் லெவல். பி.காம் படிக்கும்போது இந்தக் கணக்கை எங்கள் மளிகைக் கடைச் சரக்கை வைத்தே போட்டுப் பழகினேன். சூத்திரம் ஒரு வரிதான். அதில் போடும் இரண்டு எண்களைச் சரியாக எடுப்பதுதான் வேலை.

முதலில் தினசரி விற்பனை. அரை லிட்டர் கடலை எண்ணெய் பாக்கெட் நான்கு வாரத்தில் 84 விற்றது என்று வையுங்கள். 28ஆல் வகுத்தால் நாளுக்கு 3. ஆனால் அதில் 4 நாள் கடையில் எண்ணெயே இல்லை. கேட்டு வந்தவர்கள் பக்கத்துக் கடைக்குப் போய்விட்டார்கள். அந்த நாட்களையும் சேர்த்து வகுத்தால் விற்பனை குறைவாகத் தெரியும், ஆர்டரும் குறையும், மறுபடி சரக்கு தீரும். அதனால் 84ஐ 24ஆல் வகுங்கள். 3.5 வரும்.

அடுத்து லீட் டைம். ஏஜென்சிக்கு போன் செய்தால் 2 நாளில் சரக்கு வரும். 3.5 × 2 = 7. அப்படியானால் 7 பாக்கெட் மிச்சம் இருக்கும்போது சொன்னால் போதுமா? எல்லா நாளும் சராசரியாகவே போனால் போதும். சம்பளம் வாங்கிய வாரத்தில் ஒரே நாளில் 6 பாக்கெட் போகும். வண்டியும் சில தடவை 4 நாள் கழித்துத்தான் வரும். 6 × 4 = 24. அதிகபட்ச விற்பனையை அதிகபட்ச லீட் டைமால் பெருக்கும் இந்த 24தான் பாடப்புத்தகம் சொல்லும் ரீஆர்டர் லெவல். அதில் 7ஐக் கழித்தால் வரும் 17, குறைந்தபட்ச இருப்பு. பரீட்சையில் விற்பனையை வாரக் கணக்கிலும் லீட் டைமை நாள் கணக்கிலும் கொடுத்திருந்தால், பெருக்கும் முன் இரண்டையும் ஒரே அளவுக்கு மாற்றிவிடுங்கள்.

24 என்பது கிட்டத்தட்ட ஒரு வார விற்பனை. எண்ணெய் தாங்கும். பிரெட்டுக்கு இந்தக் கணக்கு வேண்டாம், பாதி வீணாகும்.

புத்தகக் கணக்கில் பெரும்பாலும் வராத ஒன்று, லைனுக்கு வரும் சேல்ஸ்மேன். அவர் வாரம் ஒருமுறை செவ்வாய்க்கிழமைதான் வருவார், போனில் ஆர்டர் எடுக்க மாட்டார் என்றால் 2 நாள் லீட் டைம் உதவாது. இன்று வாங்காமல் விட்டால் அடுத்த செவ்வாய்க்கு 7 நாள், வண்டி வர 2 நாள், ஆக 9 நாள் ஓட்ட வேண்டும். 3.5 × 9 = 31.5. வண்டி 2 நாள் தாமதமானால் என்று 7 சேர்த்து 39ஐ ரீஆர்டர் லெவலாக வைக்கலாம். இங்கே 6ஐ வைத்துப் பெருக்காதீர்கள். ஒரு நாள் 6 போகும், ஒன்பது நாளும் தொடர்ந்து போகாது.

போன் ஆர்டர் சரக்குக்கு தினமும் எண்ண வேண்டியதில்லை. 24 பாக்கெட்டைத் தனி அட்டைப்பெட்டியில் போட்டு ஒட்டி, தட்டின் பின்னால் வைத்துவிடுங்கள். முன்னால் இருப்பது தீர்ந்து பெட்டியைப் பிரிக்கும் அன்றே போன் செய்ய வேண்டும். சொன்ன தேதியைப் பெட்டி மேலேயே எழுதினால், கடையில் இருக்கும் இன்னொருவர் அதே சரக்கை இரண்டாவது தடவை சொல்ல மாட்டார். புதுச் சரக்கு வந்ததும் அதிலிருந்து 24 எடுத்து மறுபடி பெட்டியை நிரப்பிவிட்டு, பழையதை முன்னால் வைத்து விற்றுவிடுங்கள்.