ஊதாப் பந்தும் அம்மாவின் நாரும்

முதுகில் பதினேழு பரு. எண்ணியது நான் இல்லை, அம்மா. என்னைத் திருப்பி நிற்க வைத்து, கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, ரேஷன் கடையில் சர்க்கரை மூட்டையை எண்ணுகிற மாதிரி எண்ணினாள். "வெயில் கொப்புளம்ல, நுங்கு தடவு" என்று தீர்ப்பும் சொல்லிவிட்டாள். நாலு நாள் கல்யாணத்துக்குப் போய்விட்டு வந்து, அந்த அழுக்கெல்லாம் போகட்டும் என்று அரைமணி நேரம் தேய்த்துக் குளித்தவன் நான். இரண்டாம் நாள் இப்படி. சுத்தமாக இருந்ததற்குக் கிடைத்த பரிசு.

தோல் டாக்டர் முதுகைப் பார்த்தார். மயிர்க்கால் ஒவ்வொன்றைச் சுற்றியும் சிவப்பு, நடுவில் துளி சீழ். முதல் கேள்வியே, "குளிக்க என்ன தேய்க்கிறீங்க?"

தீபாவளிக்கு மகள் வாங்கிக் கொடுத்த ஊதா நைலான் பந்து. இப்போது ஆடி மாதம். அது எங்கே இருக்கும் என்று அடுத்து கேட்டார். எங்கே இருக்கும், பாத்ரூம் மக்குக்குள்தான் இருக்கும். சொட்டுகிற குழாய்க்குக் கீழே மக், மக்கில் இரண்டு அங்குலத் தண்ணீர், தண்ணீரில் பந்து. கதவைச் சாத்தி, எக்ஸாஸ்ட் ஃபேனை நிறுத்தி, கரண்ட் மிச்சம் என்று பெருமைப்பட்டுக்கொண்டு ஊருக்குப் போனேன்.

டாக்டர் சிரிக்கவில்லை. தேய்க்கும்போது உதிரும் செத்த தோல் அந்த வலைமடிப்புக்குள் போய் உட்காரும், அதுதான் கிருமிக்குச் சாப்பாடு, ஈரம் காயாவிட்டால் விடிவதற்குள் பெருகிவிடும் என்றார். சூடோமோனாஸ் என்ற ஒன்று இந்த மாதிரி ஈரத்தில் சம்மணம் போட்டு உட்காருமாம். அதை எடுத்து அழுத்தித் தேய்த்தால், தோலில் கண்ணுக்குத் தெரியாத கீறலும் போட்டு, அதில் நடவும் நட்ட கதை. பந்தை விட்டால் பத்து நாளில் தானே போய்விடும், காய்ச்சல் வந்தாலோ சீழ் பெரிதானாலோ வாங்க என்றார்.

வீட்டுக்கு வந்து சொன்னதும் அம்மா முகத்தில் வந்த வெளிச்சம் இருக்கிறதே! "அதான் சொன்னேன், பிளாஸ்டிக்க தேய்க்காதன்னு. பீர்க்கங்கா நார்ல தேச்சா ஒண்ணும் வராது." இவள்தான் நேற்று நுங்கு தடவச் சொன்னவள்.

ராத்திரி தூக்கம் வராமல் (குப்புறப் படுத்து எவன் தூங்குவான்) படித்தேன். 1994-ல் அமெரிக்காவில் இந்த நாரையே சோதித்திருக்கிறார்கள். வேறு தீனி எதுவும் போடாமல், நார்த் துண்டை மட்டும் நம்பியே சூடோமோனாஸ் வளர்ந்திருக்கிறது. செடிதானே, அதுவே சாப்பாடு. காலையில் இதைச் சொன்னால், "ஏல, எங்க ஆத்தா காலத்துலேருந்து தேய்க்கோம், எவளுக்குல வந்துச்சு?"

யோசித்தால் அவள் சொல்வதும் நியாயம்தான். ஊரில் குளித்து முடித்ததும் நாரைப் பிழிந்து கிணற்றுச் சுவரில் போடுவாள். மத்தியானத்துக்குள் அப்பளம் மாதிரி மொடமொடவென்று ஆகிவிடும். இங்கே பத்துக்கு ஆறடி ஃபிளாட் பாத்ரூமில் கீசர் பைப்பில் தொங்குகிறது. மறுநாள் எடுத்தாலும் கொழகொழப்பு. முகர்ந்து பார்த்தேன், பழைய மீன்தொட்டி. காட்டினேன். ஒன்றும் பேசவில்லை, தூக்கிக் குப்பையில் போட்டாள். ஐம்பது வருஷத்தில் அம்மா என்னிடம் தோற்ற ஒரே சந்தர்ப்பம், தேதி குறித்து வைத்திருக்கிறேன்.

புது நார் வந்தது. வாரம் ஒருமுறை ஒரு பங்கு ப்ளீச்சில் ஒன்பது பங்கு தண்ணீர் கலந்து ஐந்து நிமிஷம் ஊறவைத்து நன்றாக அலசுவது என் வேலை. முதல் வாரமே கைலியில் தெறித்து, நீலக் கட்டத்தில் மூன்று வெள்ளை நிலா. பாத்ரூம் கழுவுகிற ஆசிட் பக்கத்தில் இருந்தது, அதை வேறு அலமாரிக்கு மாற்றினேன். ப்ளீச்சோடு சேர்ந்தால் குளோரின் வாயு. மூன்று நாலு வாரத்தில் நாரை மாற்றிவிட வேண்டும், நைலான் பந்து என்றால் இரண்டு மாதம். அதற்குள் நாற்றமோ கொழகொழப்போ வந்தால் தேதி பார்க்காமல் தூக்கிப்போடவேண்டியதுதான், ப்ளீச் எல்லாம் வீண். முகத்துக்கு இரண்டுமே வேண்டாமாம்.

மனைவி மட்டும் எதிலும் சேரவில்லை. அவள் தேய்ப்பது சின்ன துண்டு, இரண்டு நாளுக்கொருமுறை மெஷினில் வெந்நீரில் போட்டு, கொடியில் விரித்துக் காயப்போடுகிறாள். இருபது வருஷமாக அப்படித்தான் செய்கிறாளாம். சொல்லியிருக்கலாமே என்றேன். "நீங்க கேட்டீங்களா?"

இப்போது பால்கனியில் மூன்று கிளிப். வெயில் நகர நகர அம்மா எங்கள் எல்லாருடையதையும் நகர்த்திக்கொண்டே இருக்கிறாள். புது நாரைத் தட்டும்போது உதிர்ந்த நாலு கறுப்பு விதையைப் பெயிண்ட் டப்பாவில் ஊன்றியிருக்கிறாள். ஒன்று முளைத்து எதிர்வீட்டு கிரில்லைப் பிடித்துவிட்டது. அசோசியேஷனிலிருந்து நேற்று ஆள் வந்தார், கொடியை வெட்டச் சொல்லி. அம்மா அவரைத் திருப்பி நிற்க வைத்து முதுகைப் பார்க்காததுதான் பாக்கி.