அப்பா அம்மா செலவை வீட்டுக் கணக்கில் சேர்த்தபோது எங்கெல்லாம் இடித்தது

2024 சித்திரையில் அப்பாவும் அம்மாவும் ராஜபாளையத்து வாடகை வீட்டைக் காலி செய்துவிட்டு திருச்சிக்கு எங்களோடு வந்துவிட்டார்கள். அப்பாவுக்கு 74, அம்மாவுக்கு 67. அப்பா மில் தொழிலாளி. சர்க்கரை இருக்கிறது, இதயத்தில் ஒரு ஸ்டென்ட் இருக்கிறது. அம்மாவுக்கு ரத்த அழுத்தம் மட்டும். அரிசி, பால், காய் என்று மாதச் செலவில் கூடியதைக் கணக்கில் சேர்ப்பதில் சிக்கலே இல்லை, ரெண்டு மாதத்தில் பிடிபட்டுவிட்டது. என்னை அலைய வைத்தது வேறு: மாதாமாதம் வராத செலவுகளும், வரும் என்று நம்பி எழுதிய வரவுகளும்.

முதலில் செலவு. மருந்து, கூடுதல் சாப்பாடு, மின்சாரம், போன் எல்லாம் சேர்த்து மாதம் பத்தாயிரம். மின்சாரத்தில் மட்டும் ஒன்று கவனியுங்கள். பகல் முழுக்க வீட்டில் ஆள் இருந்தால் ரெண்டு மாத ரீடிங் 500 யூனிட்டைத் தாண்டிவிடும். தாண்டினால் மேலே ஓடிய யூனிட்டுக்கு விலை ஏறுவதோடு, 101 முதல் 200 வரைக்குக் கிடைத்துவந்த சலுகை விலையும் போய்விடும். அதனால் ரீடிங் எடுக்கும் தேதிக்கு ஒரு வாரம் முன்பே மீட்டரைப் பார்த்துவிடுகிறேன்.

வருஷத்தில் அங்கங்கே வந்து விழுகிற செலவுகளை உட்கார்ந்து எழுதினேன். அம்மாவின் இன்ஷூரன்ஸ் பிரீமியம் 31,000. அப்பாவுக்கு மூன்று மாதத்துக்கு ஒருமுறை சராசரிச் சர்க்கரைச் சோதனை, இடையில் கிட்னி, ஈசிஜி எல்லாம் சேர்த்து 9,000. ஆஸ்பத்திரிக்கு ஆட்டோ 8,000. கண்ணாடி, பல்செட் 12,000. கடைசியாக, யாருமே எழுதாத ஒன்று: மொய், சீர், ஊர்க் கோயில் கொடை, அதற்கான பஸ் செலவு. அது 24,000. ஊரைவிட்டு வந்ததால் அவர்களுடைய சொந்தபந்தம் விட்டுப்போவதில்லை. அக்கா பேத்திக்குக் காதுகுத்து என்றால் அம்மா செய்யாமல் இருக்க மாட்டார், நாமும் வேண்டாம் என்று சொல்லக்கூடாது. மொத்தம் 84,000, மாதத்துக்கு 7,000. இந்த ஏழாயிரத்தைச் சம்பளம் வந்த அன்றே தனி சேமிப்புக் கணக்குக்கு மாற்றிவிடுகிறேன். இது இல்லாமல் மாதக் கணக்கு எவ்வளவு சுத்தமாக இருந்தாலும் பிரீமியம் கட்டும் மாதம் நகை அடகுக் கடைக்குத்தான் போகும்.

இனி இன்ஷூரன்ஸ். அப்பாவுக்கு ஸ்டென்ட் இருப்பதால் கேட்ட இடத்திலெல்லாம் மறுத்தார்கள், அல்லது கட்ட முடியாத பிரீமியம் சொன்னார்கள். அம்மாவுக்கு மட்டும் தனி பாலிசி எடுத்தோம். முகவர், "இன்னைல இருந்தே எல்லாத்துக்கும் கவர் ஆகும் மேடம்" என்றார். ஏழாவது மாதம் அம்மாவுக்கு இடது கண்ணில் புரை அறுவை. 38,000 ரூபாய் பில். கண்புரைக்கு முதல் 24 மாதம் காத்திருக்க வேண்டும் என்ற விதி பாலிசியில் இருக்கிறது என்று கிளைமை நிராகரித்துவிட்டார்கள். முகவரைக் கூப்பிட்டால், "அது கண்டிஷன்ல இருக்கே மேடம்" என்கிறார். கண்புரை, மூட்டு மாற்று, ஹெர்னியா போன்றவை வயதானவர்களுக்கு வருகிற முதல் செலவுகள், அவற்றுக்குத்தான் இந்தக் காத்திருப்புக் காலம். பாலிசி எடுப்பவர்கள் அந்தப் பட்டியலை வாயால் சொல்லக் கேட்டுக்கொள்ளாமல், தாளில் காட்டச் சொல்லிப் படியுங்கள். கூடவே கோ-பே எவ்வளவு என்றும் பாருங்கள். அம்மாவின் பாலிசியில் 20 சதவீதம். ஒரு லட்சம் பில் வந்தால் இருபதாயிரம் நம் கையிலிருந்து. அதற்காக ஏழாயிரத்தோடு இன்னொரு ரெண்டாயிரமும் சேர்த்து ஒதுக்குகிறேன். ஆக, முதலில் சொன்ன பத்தாயிரத்தோடு சேர்த்து மாதம் 19,000.

இதே கண் அறுவைச் செலவு வருமான வரியிலும் கைகொடுக்கவில்லை என்பதுதான் இன்னும் எரிச்சல். பழைய வரிமுறையில் இருப்பவர்களுக்கு 80டி பிரிவில், 60 வயது தாண்டிய பெற்றோருக்கென்று 50,000 வரை கழிவு உண்டு. பிரீமியமாகக் கட்டினாலும் சரி, இன்ஷூரன்ஸே இல்லாதவர் என்றால் மருத்துவச் செலவைக் காட்டினாலும் சரி. ஆனால் ஒரே ஆளுக்கு ரெண்டும் முடியாது. அம்மாவுக்குப் பாலிசி இருப்பதால் அவருடைய 38,000 கணக்கில் வராது. அப்பாவுக்குப் பாலிசி இல்லாததால் அவருடைய மருந்து, சோதனை, டாக்டர் பீஸ் வரும். எங்கள் கணக்கில் அம்மா பிரீமியம் 31,000, மீதி 19,000-க்கு அப்பா செலவு, அதோடு 50,000 முடிந்தது. 20 சதவீத வரம்பில் இருக்கும் எனக்கு, செஸ் சேர்த்து 10,400 ரூபாய் மிச்சம். வீட்டுக் கடனுக்காக ஏற்கெனவே பழைய முறையில் இருந்ததால் இது. புதிய முறையில் இருப்பவர்களுக்கு இந்தக் கழிவே கிடையாது. இதற்காக மட்டும் மாறுவதற்கு முன் ரெண்டு முறையிலும் போட்டுப் பார்த்துவிடுங்கள்.

இதை ஆபீஸில் ஏற்க வைப்பதற்குள் போதும் போதும் என்றாகிவிட்டது. சம்பளப் பிரிவில் இருந்தவர் என் தாள்களைப் புரட்டிப் பார்த்துவிட்டு, "கல்யாணமான பொண்ணு அப்பா அம்மாவுக்கு க்ளெய்ம் பண்ண முடியாது, உங்க மாமனார் மாமியார்னா குடுங்க" என்றார். சட்டம் நேர் எதிர். சொந்தப் பெற்றோருக்குத்தான் கழிவு. மகனா மகளா, கல்யாணம் ஆனவரா என்ற பேச்சே அதில் இல்லை, பெற்றோர் நம்மை நம்பி வாழ வேண்டும் என்ற நிபந்தனையும் இல்லை. மாமனார் மாமியாருக்கு மருமகளால் கோர முடியாது, அவர்கள் மகன்தான் கட்டிக் கோர வேண்டும். சட்டப் பிரிவைக் காட்டினேன், "சிஸ்டம்ல எடுக்காது" என்றார். மருத்துவச் செலவு பில்களை வாங்கிப் பார்க்கக்கூட இல்லை. மார்ச் சம்பளத்தில் முழு வரியும் பிடித்துவிட்டார்கள்.

இப்படி ஆனால் சண்டை போட்டுக்கொண்டு நிற்க வேண்டாம். படிவம் 16-ல் இல்லாவிட்டாலும் ரிட்டர்ன் தாக்கல் செய்யும்போது நாமே 80டி-யில் சேர்க்கலாம். நான் அப்படித்தான் செய்தேன். இன்ஷூரன்ஸ் நிறுவனத்தின் பெயரும் பாலிசி எண்ணும் அதில் கேட்டது, கொடுத்தேன். ரீஃபண்ட் கணக்கில் ஏறியதும் மெசேஜை அப்பாவிடம் காட்டினேன். "என் மாத்திரைக்கு கவர்மென்ட் காசு குடுக்குதா?" என்று கேட்டுவிட்டு அன்று முழுக்கச் சந்தோஷமாக இருந்தார்.

பணம் செலுத்தும் விதம்தான் இதில் உயிர். ரொக்கமாகக் கொடுத்த மருத்துவச் செலவு செல்லாது. நோய் வருமுன் செய்துகொள்ளும் உடல் பரிசோதனைக்கு மட்டும் 5,000 வரை ரொக்கம் ஏற்பார்கள், அதுவும் அந்த 50,000-க்குள்தான். அப்பா தன் கையிலிருந்து தெருமுனைக் கடையில் மாத்திரை வாங்கிவருவார், பில் கிடையாது. இப்போது மாதத்துக்கு ஒருமுறை நானே போய் என் கணக்கிலிருந்து யுபிஐ-யில் கட்டுகிறேன். பில்லில் அப்பா பெயர் இருக்க வேண்டும், டாக்டர் பெயர் இருக்க வேண்டும். யுபிஐ-யில் கட்டினாலும் பல கடைகளில் பில் 'கேஷ்' என்றே அச்சாகி வரும், அங்கேயே மாற்றித் தரச் சொல்லுங்கள். சர்க்கரை, கொலஸ்டரால் மாத்திரைகளை டாக்டரிடம் கேட்டுக்கொண்டு மக்கள் மருந்தகத்துக்கு மாற்றியதில் மருந்துச் செலவும் கணிசமாக இறங்கியது. ஸ்டென்டுக்கான ரத்தம் உறையாத மாத்திரையை மட்டும் டாக்டர் மாற்ற வேண்டாம் என்றார், மாற்றவில்லை.

இனி வரவு. அப்பாவுக்கு பி.எஃப். பென்ஷன் மாதம் சுமார் 1,900 ரூபாய். சின்னத் தொகைதான், ஆனால் அவர் மொய்க்கவரில் வைப்பது அந்தப் பணம். அது திடீரென்று நின்றது. வங்கியில் கேட்டால், ஆயுள் சான்றிதழ் முடிந்துவிட்டது, ராஜபாளையம் கிளைக்கே போய்க் கொடுங்கள் என்றார் கவுன்டரில் இருந்தவர். ஸ்டென்ட் வைத்த மனிதரைப் பஸ்ஸில் அவ்வளவு தூரம் கூட்டிப்போனோம். அங்கே, "எங்க வேணும்னாலும் குடுக்கலாமே, எதுக்கு இவ்வளவு தூரம்?" என்கிறார்கள். அது உண்மைதான். டிஜிட்டல் ஆயுள் சான்றிதழை எந்த ஊரிலிருந்தும் எடுக்கலாம். பி.எஃப். பென்ஷனுக்கு நவம்பர் கணக்கும் இல்லை, கொடுத்த நாளிலிருந்து 12 மாதம் செல்லும்.

இதில் இன்னொரு வேதனை, நாங்கள் சான்றிதழ் ஏற்கெனவே எடுத்திருந்தோம். இங்கே ஒரு பிரவுசிங் சென்டரில் கைரேகை வைத்து, தாளும் கொடுத்தார்கள். ஆனால் பென்ஷன் வழங்கும் அமைப்பு என்ற இடத்தில் பி.எஃப். நிறுவனமான இ.பி.எஃப்.ஓ-வுக்குப் பதிலாக வேறொன்றைத் தேர்ந்தெடுத்திருக்கிறார்கள். தாள் கையில் இருக்கும், சான்றிதழ் போக வேண்டிய இடத்துக்குப் போயிருக்காது. ஆகவே சான்றிதழுக்கான பிரமாண் எண் வந்ததும் நிம்மதி அடைந்துவிடாதீர்கள். jeevanpramaan.gov.in தளத்தில் அந்த எண்ணைப் போட்டு, ஏற்கப்பட்டதா என்று ஒரு வாரம் கழித்துப் பாருங்கள். பென்ஷன் ஆணையின் பி.பி.ஓ. எண்ணையும் வங்கிக் கணக்கு எண்ணையும் நீங்களே ஒருமுறை வாசித்துச் சரிபாருங்கள்.

ரெண்டாம் முறை எடுக்கும்போது அப்பாவின் விரல் ரேகை பதியவே இல்லை. மில்லில் வருஷக்கணக்காக நூல் ஓட்டிய விரல்கள். கடைசியில் என் போனிலேயே முகம் காட்டிச் செய்தோம். ஜீவன் பிரமாண் முகச் செயலியோடு ஆதார் ஃபேஸ் ஆர்டி செயலியையும் இறக்க வேண்டும். ஜன்னல் வெளிச்சம் முகத்தில் விழுகிற மாதிரி உட்காரவைத்து, கண்ணாடியைக் கழற்றச் சொன்னதும் வேலை முடிந்தது. போன் வசதி இல்லாதவர்களுக்குத் தபால்காரர் வீட்டுக்கே வந்து எடுத்துக் கொடுப்பார். நின்றிருந்த மாதங்களின் பென்ஷன் பாக்கியும் மொத்தமாக வந்து சேர்ந்தது.

இப்போது பென்ஷனையும் ரீஃபண்டையும் நான் மாத வரவில் எழுதுவதில்லை. வந்த பிறகு அந்தத் தனிக் கணக்கில் சேர்க்கிறேன், அவ்வளவுதான். மாதா மாதம் எழுதுகிற ஒரே வரவு பெங்களூரில் இருக்கும் தம்பி அனுப்பும் 5,000. அவனிடம் தொகை கேட்டு நான் பேசவே இல்லை. 84,000 பட்டியலை அனுப்பினேன். "மொய் இவ்வளவா அக்கா?" என்று கேட்டான், மறுநாள் மாதாமாதம் தானாக வரும்படி வங்கியில் நிலையான உத்தரவு போட்டுவிட்டான். ஆறு மாதத்துக்கு ஒருமுறை செலவானதை அதே பட்டியலில் நிரப்பி அவனுக்கு அனுப்புகிறேன். 2025 செப்டம்பர் 22 முதல் தனிநபர் ஹெல்த் பாலிசிக்கு ஜிஎஸ்டி இல்லை என்பதால் அடுத்த புதுப்பிப்பில் பிரீமியம் எவ்வளவு வருகிறது என்று பார்த்துவிட்டு, ஏழாயிரத்தைத் திருத்தி அவனுக்கும் எழுத வேண்டும். அம்மாவின் வலது கண்ணுக்கு 24 மாதம் முடிகிற தேதியைக் காலண்டரில் குறித்து வைத்திருக்கிறேன். அவசரம் இல்லை, அதுவரை பொறுக்கலாம் என்று கண் டாக்டரும் சொல்லியிருக்கிறார்.