செவனிங் நேர்காணல்: இரண்டாவது கேள்விக்குத் தயாரானது எப்படி

பிரிட்டன் அரசு அங்கே முதுகலை படிக்கத் தரும் செவனிங் உதவித்தொகையின் நேர்காணலுக்கு அழைப்பு வந்ததும், விண்ணப்பக் கட்டுரைகளை அச்செடுத்து, ஒவ்வொரு வரிக்கும் பக்கத்தில் "சரி, அப்புறம்?" என்று எழுதி வைத்தேன். தலைமைப் பண்பு, தொடர்புகள், ஏன் இந்தப் படிப்பு, திரும்பி வந்து என்ன செய்வீர்கள் என்பவை எப்படியும் வரும். அவற்றுக்கு எல்லோரிடமும் பதில் இருக்கும். பதிலைக் கேட்டுவிட்டு நேர்காணல் குழுவினர் கேட்கும் அடுத்த கேள்விதான் ஆளைக் காட்டிக்கொடுக்கும்.

என் கட்டுரை ஏற்காட்டின் சிறு காபித் தோட்டங்களைப் பற்றியது. வெள்ளைத் தண்டுத் துளைப்பான் என்ற வண்டின் புழு, அராபிகா காபிச் செடியின் தண்டைக் குடைந்து கொல்கிறது. தாக்கிய செடியை, வண்டு வெளியேறும் அக்டோபருக்குள் பிடுங்கி எரிக்க வேண்டும். ஒருவர் விட்டுவைத்தால் பக்கத்துத் தோட்டமும் போகும்.

சேலத்தில் ஓய்வுபெற்ற பேராசிரியர் ஒருவரிடம் மாதிரி நேர்காணலுக்கு உட்கார்ந்தேன். "காபியே விளையாத இங்கிலாந்தில் போய் இதற்கு என்னம்மா படிப்பாய்? கர்நாடகத்தில் பாலெஹொன்னூரில் மத்திய காபி ஆராய்ச்சி நிலையம் இருக்கிறதே?" என்றார். நல்ல கேள்வி. யோசித்து இப்படிச் சொன்னேன்: "பூச்சிக்கு என்ன செய்வது என்று அங்கே கண்டுபிடித்துவிட்டார்கள் சார். அதைப் பக்கத்துப் பக்கத்துத் தோட்டக்காரர்கள் சேர்ந்து செய்வதில்லை. நான் படிக்கப் போவது ஆராய்ச்சியில் கண்டதை விவசாயிகளிடம் கொண்டுசேர்க்கும் விவசாய விரிவாக்கம், பூச்சியியல் இல்லை." உடனே, "அப்படியானால் நீ தேர்ந்த மூன்று படிப்புகளிலும் அது எந்தப் பாடத்தில் வருகிறது?" என்று கேட்டார். அன்று இரவே மூன்றின் பாடத்திட்டத்தையும் வரி வரியாகப் படித்தேன்.

தலைமைப் பண்புக்குப் பெரிய சாதனை தேவையில்லை. எங்கள் ஊர்ப் பெரியவர் ஒருவர், "காய் நிற்கிற செடியையா பிடுங்கச் சொல்றே?" என்று மறுத்தார். பிடுங்கிப் போட்டிருந்த வேறொரு தண்டைப் பிளந்து, உள்ளே புழு குடைந்த பாதையைக் காட்டினேன். விரலால் தடவிப் பார்த்துவிட்டுச் சம்மதித்தார். மறுத்தவர்களும் உண்டு, குழுவிடம் அதையும் சொன்னேன். அவர்கள் ஏன் மறுத்தார்கள் என்றுதான் அதிக நேரம் கேட்டார்கள். "பறிப்பு வருமானம் போய்விடும் என்ற பயம், மறுநடவு செய்தாலும் காய்க்க மூன்று நான்கு வருடம்" என்றேன். "சமூகத்துக்குச் சேவை செய்வது என் சிறுவயதுக் கனவு" என்பதுபோல் பதில் சொல்லியிருந்தால் இந்தப் பேச்சே எழுந்திருக்காது.

"உதவித்தொகை கிடைக்காவிட்டால்?" என்றும் கேட்டார்கள். அடுத்த ஏப்ரலில் வண்டு மறுபடி வெளிவருமுன் எந்தத் தோட்டங்களில் செடிகளைச் சோதிக்கப் போகிறோம் என்று சொன்னேன். இதற்கு உண்மையான திட்டம் கையில் இருக்க வேண்டும். நேர்காணலுக்காகப் புதிதாக ஒன்றைச் சேர்த்தால் அடுத்த கேள்வியிலேயே தெரிந்துவிடும். படிப்பு முடிந்ததும் குறைந்தது 2 வருடம் சொந்த நாட்டில் இருக்க வேண்டும் என்பது செவனிங் விதி. அதனால் திரும்பி வந்த முதல் வருடம் யாருடன், எந்தப் பகுதியில் வேலை என்பதையும் பெயர் சொல்லிப் பேசத் தயாராகப் போங்கள்.