வேலை அனுபவம் இல்லாத பி.காம். பட்டதாரியின் ரெஸ்யூமே: சுருக்கப் பத்தியை நான் எழுதிய விதம்

பி.காம். முடித்ததும் ஈரோட்டுச் சுற்றுவட்டாரத்தில் இளநிலைக் கணக்காளர் பணிகளுக்கு விண்ணப்பிக்க ரெஸ்யூமே தயாரித்தேன். கல்வித் தகுதியையும் கணினிப் பயிற்சியையும் நிரப்புவது எளிதாகவே இருந்தது. பெயருக்குக் கீழே வரும் மூன்று வரிச் சுருக்கம்தான் நேரத்தை விழுங்கியது. எங்கள் வகுப்பில் கைமாறிக்கொண்டிருந்த ஒரு மாதிரிக் கோப்பில் அந்த இடத்தில், 'சவால் மிகுந்த சூழலில் பணியாற்றி, என் திறமைகளை வளர்த்துக்கொண்டு, நிறுவனத்தின் வளர்ச்சிக்குப் பாடுபடுவதே என் குறிக்கோள்' என்று இருந்தது. விண்ணப்பிப்பவர் என்ன விரும்புகிறார் என்பது அதில் உண்டு. அவருக்கு என்ன செய்யத் தெரியும் என்பது எங்குமே இல்லை.

ஆகவே முதலில் வேலை விளம்பரங்கள் சிலவற்றை எடுத்து, அவற்றில் திரும்பத் திரும்ப வந்த தேவைகளைக் குறித்துக்கொண்டேன். டேலியில் பதிவு செய்தல், ஜிஎஸ்டி விவரங்களைத் தயாரித்தல், வங்கிக் கணக்கைச் சரிபார்த்தல், எக்செல் ஆகிய நான்கும் ஏறத்தாழ எல்லா விளம்பரங்களிலும் இருந்தன. இவற்றில் எதற்கு என்னிடம் ஆதாரம் இருக்கிறது என்று பார்த்தபோது, இறுதியாண்டு புராஜெக்ட் நினைவுக்கு வந்தது. ஒரு ஹார்டுவேர் கடையின் மூன்று மாதக் கொள்முதல் பில்களை, விற்றவர்கள் தாக்கல் செய்த விவரங்களிலிருந்து ஜிஎஸ்டி தளத்தில் உருவாகும் GSTR-2B அறிக்கையோடு ஒப்பிடுவதே அந்த புராஜெக்ட்.

முதல் வரைவில் 'ஜிஎஸ்டி பற்றிய நல்ல அறிவு உண்டு, கடின உழைப்பாளி' என்று எழுதி, எங்கள் தெருவில் வசிக்கும், தணிக்கையாளர் அலுவலகம் ஒன்றில் பணிபுரியும் அக்காவிடம் காட்டினேன். "உன் வகுப்பில் எல்லோரும் இதையே எழுதலாமே. நீ மட்டும் எழுதக்கூடியது எது?" என்று கேட்டார். அந்தக் கேள்வியையே அளவுகோலாக வைத்துக்கொண்டு, வகுப்புத் தோழர் ஒருவரின் ரெஸ்யூமேயிலும் அப்படியே பொருந்தக்கூடிய தொடர்களையெல்லாம் நீக்கினேன். கடின உழைப்பு, நேர்மை, குழுவாகப் பணியாற்றும் திறன் எல்லாம் போயின. பட்டமும் புராஜெக்ட்டும் மட்டுமே எஞ்சின.

புராஜெக்ட்டை வெறும் தலைப்பாகக் குறிப்பிட்டால் படிப்பவருக்கு எதுவும் புரியாது என்பதால், அதில் நடந்ததைச் சொல்ல வேண்டியிருந்தது. 2022 ஜனவரி முதல், GSTR-2B அறிக்கையில் இடம்பெறும் பில்லுக்கு மட்டுமே, கொள்முதலில் செலுத்திய வரியைக் கழித்துக்கொள்ளும் உள்ளீட்டு வரிக் கழிவைக் கோர முடியும். நான் ஒப்பிட்ட 212 பில்களில் 9 பில்கள் அந்த அறிக்கையில் காணப்படவில்லை. சிலவற்றில், விற்றவர் தமது GSTR-1 என்ற விற்பனை விவரத்தைத் தாமதமாகத் தாக்கல் செய்திருந்ததால், பில் அடுத்த மாத அறிக்கையில் வந்திருந்தது. மற்றவற்றில் கடையின் ஜிஎஸ்டி எண்ணை விற்றவர் தவறாகக் குறித்திருந்தார். கணக்குப் பிரிவில் இருப்பவர்கள் மாதந்தோறும் சந்திக்கும் சிக்கல் இதுவே ஆகையால், சுருக்கத்தின் நடுவரியை இதற்கே ஒதுக்கினேன்.

எதை உரிமை கோரலாம் என்பதிலும் கவனம் தேவைப்பட்டது. நான் எந்த விவரத்தையும் தளத்தில் தாக்கல் செய்ததில்லை. ஆகவே 'தாக்கல் செய்தேன்' என்று எழுதாமல் 'ஒப்பிட்டேன்' என்பதோடு நிறுத்திக்கொண்டேன். நேர்காணலில் பெரும்பாலும் சுருக்கத்திலிருந்தே முதல் கேள்வி வரும் என்பதால், அடுத்தடுத்து இரண்டு கேள்விகள் கேட்டாலும் தடுமாறாமல் விளக்க முடிந்தவற்றை மட்டும் வைத்துக்கொண்டேன். வங்கிக் கணக்கைச் சரிபார்த்தலைப் பாடப்புத்தகக் கணக்குகளில் மட்டுமே செய்திருந்தேன். அதை இங்கே சேர்க்காமல் கீழே பாடங்களின் பட்டியலில் விட்டேன்.

ஆங்கிலத்தில் நான் இறுதியாக எழுதியதன் பொருள் இது: 'நிதிக் கணக்கியலையும் மறைமுக வரியையும் பாடங்களாகப் பயின்ற பி.காம். பட்டதாரி. இறுதியாண்டு புராஜெக்ட்டில், ஒரு ஹார்டுவேர் கடையின் 212 கொள்முதல் பில்களை டேலி பிரைமில் பதிவு செய்து, எக்செல் மூலம் GSTR-2B அறிக்கையோடு ஒப்பிட்டு, விடுபட்ட 9 பில்களுக்கான காரணங்களைக் கண்டறிந்தவர். கொள்முதல் பதிவு, ஜிஎஸ்டி சரிபார்ப்பு ஆகியவற்றில் இளநிலைக் கணக்காளர் பணி நாடுகிறார்.' ஆங்கிலத்தில் இவ்வகைச் சுருக்கத்தை 'நான்' என்ற எழுவாய் இல்லாமலே எழுதுவது வழக்கம். பில்களின் எண்ணிக்கை சிறியதுதான் என்றாலும், வேலையை உண்மையில் உட்கார்ந்து செய்தவர் என்பதை அது காட்டுகிறது. விளம்பரத்தில் இருந்த டேலி, ஜிஎஸ்டி, எக்செல் ஆகிய பெயர்களை அப்படியே பயன்படுத்தியதற்கும் காரணம் உண்டு: வேலைவாய்ப்புத் தளங்களில் நிறுவனத்தினர் அந்தப் பெயர்களைத் தட்டச்சு செய்துதான் தேடுகிறார்கள்.

இதே பத்தியை எல்லா இடங்களுக்கும் அனுப்பவில்லை. ஒரு நிதி நிறுவனக் கிளையின் கடன் வசூல் பிரிவுக்கு விண்ணப்பித்தபோது, பில் ஒப்பீட்டுக்கு அங்கே பயன் இல்லை என்பதால், அதே கடையின் வாடிக்கையாளர் நிலுவைகளை 30 நாள், 60 நாள், 90 நாள் எனப் பிரித்து எக்செல்லில் தயாரித்த பட்டியலை நடுவரிக்குக் கொண்டுவந்தேன். புராஜெக்ட்டின் பின்னிணைப்பில் அந்தப் பட்டியல் ஏற்கெனவே இருந்ததால், கேட்டால் எடுத்துக் காட்டவும் முடிந்தது.