கிளிநொச்சியில் இருந்துகொண்டு பிள்ளைகளின் ஆதாரைப் புதுப்பித்த கதை

என் வீட்டுக்காரர் திருச்சிக்காரர். பிள்ளைகள் இரண்டு பேரும் அங்கேதான் பிறந்தார்கள், இந்தியக் கடவுச்சீட்டு வைத்திருக்கிறார்கள். நாங்கள் கிளிநொச்சிக்கு வந்து சில வருடங்கள் ஆகிவிட்டன. வன்னியில் இப்படி ஒரு கால் அங்கே, ஒரு கால் இங்கே என்று இருக்கிற குடும்பங்கள் குறைவில்லை. அவர்களுக்குப் பயன்படலாம் என்றுதான் எழுதுகிறேன்.

சின்னவளுக்குக் கைக்குழந்தையாக இருந்தபோதே நீல நிற ஆதார் எடுத்தோம். ஐந்து வயதுக்குக் கீழே கைரேகையும் எடுக்க மாட்டார்கள், கண்ணையும் பதிய மாட்டார்கள். ஒரு படம் மட்டும்தான். உறுதிப்படுத்துவது அப்பா அல்லது அம்மாவின் ஆதார். அதனால் ஐந்து வயதானதும் பத்து விரல்களையும் இரண்டு கருவிழிகளையும் முதல் தடவையாகப் பதிய வேண்டும். பதினைந்து வயதில் அதையே இன்னொரு முறை செய்ய வேண்டும், வளர்ந்த கையில் பழைய பதிவு சரியாகப் பொருந்தாமல் போகலாம் என்பதால். இந்த இரண்டும் கட்டாயம். 5 முதல் 7 வயதுக்குள்ளும், 15 முதல் 17 வயதுக்குள்ளும் செய்தால் காசு இல்லை. ஏழு வயது தாண்டியும் செய்யாமல் விட்டால் எண்ணை முடக்கவும் விதி இடம் கொடுக்கிறது.

இந்தியாவில் இருந்தால் பக்கத்துத் தபால் நிலையத்திலோ ஆதார் சேவை மையத்திலோ முடிகிற வேலை இது. எங்களுக்கு அப்படி இல்லை. பிள்ளை நேரில் போய்க் கைவைக்க வேண்டும், மையங்களோ இந்தியாவுக்குள் மட்டும்தான். யாழ்ப்பாணத்துத் துணைத் தூதரகத்தில் கேட்டால் முடியாதா என்று பலர் கேட்பார்கள். கடவுச்சீட்டுக்குத்தான் அங்கே போகலாம், ஆதாருக்கு இல்லை.

ஆகவே முதலில் பார்க்க வேண்டியது நாட்காட்டியை. மூத்தவன் 2010 யூனில் பிறந்தவன், 2025 யூனில் பதினைந்து முடிந்தது. சின்னவள் 2018 ஒக்டோபர். 2025 ஒக்டோபரில் ஏழு முடிகிறது. இரண்டு பேருடைய இலவசக் காலமும் ஒன்றாக விழுவது யூனுக்கும் ஒக்டோபருக்கும் இடையில்தான். அதற்குள் வருகிற பள்ளி விடுமுறை ஓகஸ்ட் மாதத்தில் கிடைக்கும் கொஞ்ச நாட்கள். முந்தைய ஏப்ரல் விடுமுறையிலேயே போய்விட்டு வரலாம் என்று வீட்டில் ஒரு பேச்சு எழுந்தது. நான் வேண்டாம் என்றேன். பதினைந்து முடியாமல் கைரேகையைப் புதுப்பித்தால் அது பதினைந்து வயதுப் புதுப்பிப்பாகக் கணக்கில் வராது, திரும்பவும் போக வேண்டியிருக்கும். பயணச் செலவு நம்முடையது அல்லவா.

அப்புறம் கைப்பேசி எண். புறப்படுவதற்கு முன் இதை இங்கிருந்தே பார்த்துக்கொள்ளலாம். myaadhaar.uidai.gov.in தளத்தில் ஆதார் எண் செல்லுபடியாகிறதா என்று சரிபார்க்க ஒரு பகுதி இருக்கிறது. எண்ணையும் படத்தில் தெரிகிற எழுத்துகளையும் போட்டால், வயது வரம்பு, ஆணா பெண்ணா, மாநிலம், பதிவான கைப்பேசியின் கடைசி மூன்று இலக்கங்கள் வரும். கடவு எண் எதுவும் கேட்காது. பார்த்தால் இரண்டு பேருக்கும் வீட்டுக்காரரின் பழைய இந்திய எண்தான் இருந்தது. அந்தச் சிம் செத்துப் பல காலம். இலங்கை எண்ணைக் கொடுத்தும் பயனில்லை, வெளிநாட்டு எண்ணுக்கு ஆதாரின் குறுஞ்செய்தி வராது. அதனால் திருச்சியில் இருக்கும் மாமாவின் எண்ணை, கைரேகை எடுக்கிற அதே தடவையில் இரண்டு பேருக்கும் சேர்ப்பது என்று முடிவு செய்தோம். ஒரே எண்ணைக் குடும்பத்தில் பல பேருக்கு வைக்கலாம்.

பலாலியில் இருந்து திருச்சிக்கு இப்போது விமானம் இருப்பது பெரிய ஆறுதல். appointments.uidai.gov.in தளத்தில் நேரம் பதியலாம். நாங்கள் போனது மாமா ஏற்கெனவே விசாரித்து வைத்திருந்த ஒரு மையத்துக்கு. பிள்ளையின் ஆதாரும் கூடவே பெற்றோரும் போதும், கைரேகைப் புதுப்பிப்புக்கு வேறு ஆவணம் தேவையில்லை. இருந்தாலும் பிறப்புச் சான்றிதழையும் கடவுச்சீட்டையும் கொண்டு போனோம்.

சிக்கல் வந்தது விரலில். கச்சான் காற்று வீசும் மாதங்களில் இங்கே பிள்ளைகளின் விரல் நுனி காய்ந்து தோல் உரியும். சின்னவள் மண்ணிலேயே கிடப்பவள் வேறு. கருவியில் முதலில் இடக்கையின் நான்கு விரல்கள், பிறகு வலக்கையின் நான்கு, கடைசியாக இரண்டு பெருவிரல்களும் சேர்த்து. ஒவ்வொரு விரலுக்கும் பதிவு எவ்வளவு தெளிவு என்று திரையில் தெரியும். அவளுடைய இரண்டு சுண்டுவிரல்களும் தேறவில்லை. பயத்தில் விரலைத் தூக்கித் தூக்கி வைக்கிறாள். "அம்மா, இது சுடுமோ?" என்று கேட்க, அங்கிருந்த பெண், "சுடாது பாப்பா, கையை லூசா விடு" என்று சொல்லி மேலிருந்து மெதுவாக அழுத்தினார். ஈரத்துணியால் விரலைத் துடைத்து, கண்ணாடியையும் துடைத்துவிட்டுத் திரும்ப வைத்தபோது தெளிவாக விழுந்தது. சில முயற்சிகளுக்குப் பிறகு மங்கலான பதிவையும் மென்பொருள் ஏற்றுக்கொள்ளும், அவசரத்தில் அப்படியே விட்டுவிடுவார்கள். நாம்தான் இன்னொரு முறை என்று கேட்க வேண்டும். மங்கல் பதிவோடு ஊருக்கு வந்துவிட்டால், பின்னால் எங்காவது விரல் வைக்கும்போது பொருந்தாமல்தான் அது தெரியவரும். அதற்காக மறுபடி விமானம் ஏறவா முடியும்?

இரண்டு பிள்ளைகளையும் ஒன்றன்பின் ஒன்றாகச் செய்யும்போது இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். நம்மை நோக்கி ஒரு திரை வைத்திருப்பார்கள். விரல் வைக்கும் முன் அதில் எந்தப் பிள்ளையின் பெயர் இருக்கிறது என்று வாசித்துவிடுங்கள். மூத்தவனுக்கு பழைய கைரேகை இருப்பதால் மாறிப்போனால் ஒப்பிட்டு மறுத்துவிடும். சின்னவளுக்கு ஒப்பிடப் பழையது ஏதும் இல்லை. அவளுடைய ரேகை ஏற்கெனவே வேறு எண்ணில் இருக்கிறதா என்றுதான் தேடும். அண்ணனின் கை அவள் பெயரில் விழுந்தால் இரண்டு எண்ணும் சிக்கிக்கொள்ளும்.

கடைசியாக ஒரு ரசீது தருவார்கள். அங்கேயே நின்று பெயர், பிறந்த தேதி, கைப்பேசி எண், கட்டணம் நான்கையும் பார்த்தேன். சின்னவளின் ரசீதில் கட்டணம் 100 ரூபாய் என்றிருந்தது. ஏழு முடியவில்லையே என்று பிறந்த தேதியைக் காட்டியதும் திருத்திக் கொடுத்தார்கள். (2025 ஒக்டோபர் 1 முதல் ஒரு வருடத்துக்கு, ஏழு தாண்டிய பிள்ளைகளுக்கும் இதை இலவசம் ஆக்கியிருக்கிறார்கள். அந்தத் தேதியிலேயே வழக்கமான கட்டணம் 125 ஆனது.)

ரசீதில் உள்ள எண்ணை வைத்து நிலையை இங்கிருந்தே பார்த்துக்கொண்டிருந்தோம். மூத்தவனுடையது முதலில் முடிந்தது, சின்னவளுடையது பிறகு. ஆதார் எண் மாறாது, படம் மட்டும் புதிது. மின் ஆதாரை இறக்க வரும் கடவு எண் பத்து நிமிடம்தான் செல்லும், ஆகவே மாமாவை வாட்ஸப்பில் பிடித்து வைத்துக்கொண்டே பொத்தானை அழுத்த வேண்டும். கோப்பின் கடவுச்சொல் பிள்ளையின் பெயரில் முதல் நான்கு ஆங்கிலப் பெரிய எழுத்துகளும் பிறந்த வருடமும். மூத்தவனுக்கு இனி வயதுக்கான கட்டாயப் புதுப்பிப்பு இல்லை. சின்னவளுக்கு அடுத்தது 2033 ஒக்டோபருக்கும் 2035 ஒக்டோபருக்கும் இடையில்.