ஆறு பேர் வத்தக்குழம்பு பதினைந்து பேருக்கு ஆனபோது

மும்பை செம்பூரில் எங்கள் கட்டடத்தில் எட்டுத் தமிழ்க் குடும்பங்கள். மாதம் ஒரு சனிக்கிழமை வீட்டுக்கு ஒரு பதார்த்தம் என்று சேர்ந்து சாப்பிடுவோம். ஜூலையில் என் பங்குக்கு வந்தது வத்தக்குழம்பு, பதினைந்து பேருக்கு. கையில் இருந்தது அம்மா சொல்லி நான் எழுதி வைத்திருந்த ஆறு பேர் கணக்கு: புளி 40 கிராம், தண்ணீர் ஒன்றரைத் தம்ளர் இரண்டு முறை (அளந்து பார்த்தால் 900 மில்லி), உப்பு 10 கிராம், குழம்புப் பொடி 16 கிராம், நல்லெண்ணெய் 60 மில்லி, சுண்டைக்காய் வத்தல் ஒரு கைப்பிடி. இருபது நிமிடம் கொதித்துச் சுண்டினால் 600 மில்லி குழம்பு வரும்.

ஆறிலிருந்து பதினைந்துக்குப் போக 150 சதவீதம் கூட்ட வேண்டும். முதல் தடவை போன் கால்குலேட்டரில் 150% என்று பெருக்கி, புளி 60 கிராம்தான் என்று எடுத்து வைத்துவிட்டேன். அது ஒன்பது பேருக்கான கணக்கு. ஏற்கெனவே இருக்கும் நூறையும் சேர்த்து 250% என்று பெருக்க வேண்டும், அதாவது இரண்டரை மடங்கு. இது சமைக்கும் முன்பே கண்ணில் பட்டதால் பிழைத்தேன்.

அடுத்து செய்ததுதான் பெரிய தப்பு. எல்லாவற்றையும் இரண்டரையால் பெருக்கினேன், தண்ணீர் உட்பட. 2,250 மில்லி புளிக்கரைசலை அதே அடுப்பில், அதே தீயில் வைத்தேன். இருபது நிமிடம் கழித்துப் பார்த்தால் ரசம் மாதிரி ஓடுகிறது. நாக்கில் வைத்தால் உப்பும் இல்லை, உறைப்பும் இல்லை. சரி, பெரிய அளவுக்கு இன்னும் கொஞ்சம் வேண்டும் போல என்று உப்பு 8 கிராம் கூடப் போட்டேன், பொடியும் இரண்டு கரண்டி. இன்னும் அரை மணி நேரம் கொதிக்கவிட்டேன். குழம்பு பதத்துக்கு வந்தது. வாயில் வைக்க முடியவில்லை.

எதிர்வீட்டு மாமி ஒரு சொட்டு நக்கிப் பார்த்துவிட்டு, “ஏண்டா, தண்ணியை யாருடா கணக்குப் பண்ணச் சொன்னா? கடைசில எவ்வளவு குழம்பு வேணும்னு பாருடா” என்றார். எனக்கு அப்போது புரியவில்லை. அன்று ராத்திரி ஒரு தாளை எடுத்து உட்கார்ந்தபோதுதான் விளங்கியது.

புளி, உப்பு, பொடி எல்லாம் பாத்திரத்தை விட்டு எங்கும் போகாதவை. அவற்றுக்குச் சதவீதக் கணக்கு அப்படியே செல்லும். தண்ணீரில் ஒரு பகுதி ஆவியாகிப் போய்விடுகிறது. அது எவ்வளவு போகும் என்பதை முடிவு செய்வது அடுப்பின் தீயும் நேரமும்தான். எத்தனை பேருக்குச் சமைக்கிறோம் என்பது அதற்குத் தெரியாது. என் அடுப்பில் நடுத்தரத் தீயில் இருபது நிமிடத்துக்கு 300 மில்லி போகிறது, அதாவது நிமிடத்துக்கு 15. நான் ஊற்றிய தண்ணீரில் 750 மில்லி போக வேண்டியிருந்தது. அதற்கு ஐம்பது நிமிடம் ஆகும். இருபதாவது நிமிடத்தில் பாத்திரத்தில் 1,950 மில்லி இருந்தது. அதில் 25 கிராம் உப்பு சப்பென்றுதான் தெரியும். அந்த நேரத்தில் ருசி பார்த்து உப்பைத் திருத்தினால், சுண்டிய பிறகு அது கரிக்காமல் என்ன செய்யும்?

அன்றைக்குக் குழம்பைக் காப்பாற்றியதும் இதே கணக்குதான், மாமியின் கைக்கணக்கில். உப்பில்லாத புளிக்கரைசலைத் தனியாகப் பச்சை வாசம் போகக் கொதிக்க வைத்து, கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்த்தார். பிறகு போட்டுப் பார்த்தேன்: 33 கிராம் உப்புக்குச் சரியான அளவு கிட்டத்தட்ட 1,980 மில்லி. அரை லிட்டர் குழம்பு மிச்சமாகி நாலு வீட்டுக்குப் போனது. உருளைக்கிழங்கு போட்டால் உப்பை இழுத்துவிடும் என்று ஒருவர் யோசனை சொன்னார். கிழங்கு குழம்பை அப்படியே உறிஞ்சும். உப்பை மட்டும் பொறுக்கி எடுக்காது. உப்பு சரியானாலும் ஒன்று மட்டும் திரும்பவில்லை. ஐம்பது நிமிடம் கொதித்ததில் பொடியின் வாசனை போய், வத்தல் கூழாகிவிட்டது.

அடுத்த மாதமும் நானே செய்கிறேன் என்று கேட்டு வாங்கிக்கொண்டேன். இந்த முறை கடைசியிலிருந்து முன்னால் வந்தேன். வேண்டியது 1,500 மில்லி குழம்பு. இருபது நிமிடத்தில் போவது 300. ஆக ஊற்ற வேண்டியது 1,800. புளி 100 கிராம். அவ்வளவு புளியையும் குறைந்த தண்ணீரில் கரைப்பதால் கரைசல் கெட்டியாக இருக்கும், அதனால் வெந்நீரில் ஊறவைத்து மூன்று தடவை பிழிந்தேன். மொத்தம் 1,800 தாண்டாமல் பார்த்துக்கொண்டேன்.

பாத்திரத்தில் எவ்வளவு இருக்கிறது என்று கொதிக்கும்போது எப்படித் தெரியும்? முதலில் வெறும் பாத்திரத்தில் 1,500 மில்லி தண்ணீர் ஊற்றி, மரக்கரண்டியின் காம்பை நேராக நிறுத்தி, நனைந்த இடத்தில் கத்தியால் ஒரு கீறல் போட்டேன். என் 24 சென்டிமீட்டர் பாத்திரத்தில் அது கிட்டத்தட்ட இரண்டு விரற்கடைதான். குழம்பு அந்தக் கீறலுக்கு இறங்கும்வரை உப்பு பார்ப்பதில்லை என்று வைத்துக்கொண்டேன்.

உப்பு 20 கிராம் முதலில், மீதி 5 கிராம் கீறலுக்கு வந்த பிறகு. தராசில்தான் எடுத்தேன், குவித்த கரண்டி ஒன்றில் வரும் சின்னப் பிசகு இரண்டரை மடங்கில் பெரிதாகிவிடும். வத்தலிலும் உப்பு இருக்கிறது. மாட்டுங்காவில் வாங்கியது அம்மா அனுப்பும் வத்தலைவிட உப்புக் கரித்தது, எண்ணெயில் பொரித்து ஒன்றைக் கடித்துப் பார்த்ததால் தெரிந்தது. கடைசி 5 கிராமில் 2 கிராம் தேவைப்படவே இல்லை.

பொடி 40 கிராம் வர வேண்டும், 34 போட்டு நிறுத்தினேன். உறைப்பைப் போட்டுவிட்டால் எடுக்க முடியாது என்பதால் மட்டுமே. கடைசியில் மீதியும் உள்ளே போனது.

எண்ணெய்க்கு மட்டும் சதவீதத்தை நம்பவில்லை. வத்தக்குழம்பில் எண்ணெய் மேலே படலமாக மிதந்து நிற்க வேண்டும். அந்தப் படலத்துக்கு வேண்டியது பாத்திரத்தின் பரப்பைப் பொறுத்தது. வீட்டுப் பாத்திரம் 18 சென்டிமீட்டர், பெரியது 24. பரப்பு 1.78 மடங்குதான் ஆகிறது. எனவே 150 மில்லிக்குப் பதில் 105 ஊற்றினேன், போதுமானதாக இருந்தது. வெந்தயத்தையும் இரண்டு மடங்கோடு நிறுத்திவிட்டேன். பெரிய அளவில் தாளிக்கும்போது எண்ணெயின் சூடு சீக்கிரம் இறங்காது, வெந்தயம் கருகிக் கசந்துவிடும்.

கீறலுக்கு ஒரு நூல் மேலே இருக்கும்போதே அடுப்பை அணைத்தேன். பெரிய பாத்திரம் சூட்டை நெடுநேரம் வைத்திருக்கும், அதிலேயே குழம்பு இன்னும் கொஞ்சம் இறுகும்.

அம்மா ஊரிலிருந்து போனில் கேட்டாள்: “ரெண்டு பேருக்குத்தான் தினமும் செய்யுறே, அதுக்கு மூணுல ஒண்ணு போட்டா ஏண்டா பசை மாதிரி ஆகுது?” அதே தண்ணீர்தான் காரணம். மூன்றில் ஒரு பங்கென்றால் 300 மில்லி ஊற்றி, இருபது நிமிடம் நடுத்தரத் தீயில் வைத்தால் அத்தனையும் ஆவியாகிவிடும், அடிபிடிக்க மட்டும்தான் மிஞ்சும். இப்போது இரண்டு பேருக்குச் சின்ன பர்னரில் சின்னத் தீ வைத்து, அதன் ஆவிக்கணக்கைத் தனியாக எடுத்திருக்கிறேன். வெறும் தண்ணீரைப் பத்து நிமிடம் கொதிக்கவிட்டு, முன்னும் பின்னும் பாத்திரத்தோடு தராசில் வைத்தேன். குறைந்தது 70 கிராம். அதனால் இரண்டு பேருக்கு 340 மில்லி ஊற்றுகிறேன், இருபது நிமிடத்தில் 200-க்கு வந்து நிற்கிறது.